ஏன் என்று கேட்டால் ஆச்சு என்று எழுதிய பெண்

உனக்கு எதற்கு இதெல்லாம்? கம்ப்யூட்டர் கம்பெனியில் நடந்ததைத் தரை துடைக்கிறவளிடம் வந்து கேட்கிறாயே, வேறு ஆள் கிடைக்கவில்லையா? அங்கே படித்தவர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்வார்கள், உனக்கு ஒன்றும் விளங்காது. என்னிடம் கேட்டால் விளங்கும், ஆனால் நடுவில் நான் சொன்ன பொய்யும் சேர்ந்து வரும். பரவாயில்லை என்றால் உட்கார். ஈரத் தரையில் கால் வைக்காதே.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அந்த ஆபீஸ். கீழே துணிக்கடை, நடு மாடியில் பல் டாக்டர், மேல் மாடியில் இவர்கள். லிப்ட் கிடையாது. கிளினிக்குகளுக்கு நம்பர் கொடுக்கிற மிஷினுக்கு உள்ளே என்ன ஓட வேண்டுமோ அதை எழுதுகிறார்கள். நான் பிடோக்கிலிருந்து எம்ஆர்டி ஏறி வந்து, காலையில் கூட்டித் துடைத்து, பேண்ட்ரியில் கோப்பி போட்டு வைத்து, கோப்பைகளைக் கழுவிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்புவேன். முதலாளி ஒரு சீனப் பெண்மணி. என்னை ஆண்ட்டி என்பார். மற்றவர்களுக்கு நான் பாட்டி. தமிழ் தெரியாதவர்கள்கூடப் பாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

இந்தக் கதைக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் லீட். பாசிர் ரிஸ்ஸிலிருந்து வருகிற தமிழ் முஸ்லிம். நாற்பது வயதிருக்கும். மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து, சரியா தவறா என்று சொல்வது அவர் பொறுப்பு. மரியாதையான மனிதர். குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது எனக்கும் சேர்த்து நாசி பிரியாணி வாங்கி வருவார். வாயைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

இன்னொன்று ஒரு பெண். கிளமெண்டியிலிருந்து வருகிறாள். படித்து முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அந்த மூன்று மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை, இவள் இருக்கலாமா கூடாதா என்று லீட் எழுதிக் கொடுப்பதை வைத்து முதலாளி முடிவு சொல்வார். நான் சொல்கிற கதை அந்த வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை ஆரம்பித்தது.

அன்று காலை பேண்ட்ரியில் கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லாத அழுகை. நான் கோப்பை கழுவ வேண்டும், அவள் நகரவில்லை. அதனால்தான் கேட்டேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே.

"என்ன கண்ணு, யாரும் செத்துட்டாங்களா?"

"இல்ல பாட்டி. ரிவ்யூ."

ரிவ்யூ என்றால் என்ன என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். "நான் எழுதினத நேரா சிஸ்டத்துல போட முடியாது பாட்டி. தனியா ஒரு காப்பியில எழுதி வைக்கணும். இன்னொருத்தர் வரி வரியா பாத்து, அந்தந்த வரிக்குக் கீழ கமெண்ட் போடுவார். நான் திருத்தணும், இல்ல பதில் சொல்லணும். அவர் ஓகே சொன்னாத்தான் உள்ள போகும்."

"பரீட்சைப் பேப்பர் மாதிரி."

"பரீட்சைன்னா ஒரு தடவை திருத்திட்டு விட்டுருவாங்க. இது ஓகே ஆகிற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்."

"அப்ப கல்யாணம் மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு வாரமாக ஒரே வேலை உள்ளே போகாமல் நிற்கிறதாம். முப்பத்தொரு கமெண்ட். அத்தனையையும் ஒன்றாகப் பார்த்தால்தான் தன் தலையில் என்ன கோளாறு என்று தெரியும் என்று, திரையில் இருந்ததைத் தாளில் கையால் எழுதி வைத்திருக்கிறாள். கமெண்ட் மட்டும். இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னாள்.

"'ஏன்?' 'ஏன்?' 'இல்லை.' 'இது எதுக்கு?' 'மறுபடியுமா?' 'படிச்சுப் பாத்தியா?' அப்புறம் இன்னும் ஒம்போது 'ஏன்?' பாட்டி."

"யாரு எழுதினது?"

"லீட்."

"நம்ம தம்பியா? கோப்பை கழுவி வைக்கிறவரா?"

"அவர்தான். நேர்ல எவ்வளவு நல்லா பேசறாரு! எழுதும்போது மட்டும் இப்படி. என்ன முட்டாள்னு நெனைக்கிறாரு. வெள்ளிக்கிழமை அவர் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டுப் போயிடறேன். வேலைய விடற லெட்டர போன்ல டைப் பண்ணி வச்சுட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போனாள். தாளை அங்கேயே விட்டுவிட்டாள். நான் அதை மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். மேசை துடைக்கிறவள் மேசை மேல் கிடப்பதை எடுப்பதில் தப்பில்லை.

அதே வாரம் லீடுக்கும் ஒரு தலைவலி. முந்தின வருஷம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். போகும்போது இருவரும் ரிவ்யூவைத்தான் காரணமாகச் சொன்னார்களாம். வருகிற திங்கட்கிழமை நான்கு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அதற்குள் ஒரு கையேடு வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ரிவ்யூவில் கமெண்ட் எப்படிப் போடுவது, வந்த கமெண்டை எப்படி வாங்கிக்கொள்வது. அதிகமாகக் கமெண்ட் போடுகிறவர் அவர்தான் என்பதால் அவரையே எழுதச் சொன்னார். முதலாளிக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேண்ட்ரிக்கு வந்து உட்கார்ந்தார். உள்ளே சத்தமாக இருக்கிறதாம்.

"என்ன தம்பி, சமையல் குறிப்பா?"

"இல்ல பாட்டி, புதுசா வர்றவங்களுக்கு." பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். குறை சொன்னால் எழுதியதைச் சொல்ல வேண்டும், எழுதின ஆளைச் சொல்லக்கூடாது. காரணத்தோடு சொல்ல வேண்டும். முடிந்தால் எப்படி மாற்றலாம் என்றும் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எழுதி எழுதி இரண்டு சுற்று போன பிறகும் தீரவில்லை என்றால் எழுந்து போய் நேரில் பேச வேண்டும். அப்புறம், கட்டாயம் மாற்ற வேண்டியது எது, சும்மா சொல்வது எது என்று ஒவ்வொரு கமெண்டுக்கும் முன்னால் போட வேண்டும்.

"சின்ன விஷயம்னா முன்னால 'நிட்'னு போடணும் பாட்டி. நிட்னா ஈரு."

"தலையில இருக்கிற ஈரா?"

"அதேதான். எழுதினவங்க இஷ்டப்பட்டா மாத்தலாம், இல்லாட்டி விட்டுடலாம்."

"ஈரை விட்டா ஒரு வாரத்துல பொரிஞ்சிடுமே தம்பி."

அவர் தட்டுவதை நிறுத்தினார். பிறகு, "இங்க பொரியாது பாட்டி," என்றார்.

"அப்ப பேனுக்கு என்ன போடுவீங்க?"

"பேன்னா 'பிளாக்கிங்'. அதச் சரி பண்ணாம உள்ள விட மாட்டோம்."

படிக்காதவளுக்கும் புரிகிற விஷயம்தான். என்ன பிரச்சினை என்றால், எல்லாம் நன்றாக எழுதியாகிவிட்டது, மோசமான கமெண்டுக்கு ஓர் உதாரணம் வேண்டும், அது கிடைக்கவில்லை. சொந்தமாக யோசித்துப் பார்த்தாராம், செயற்கையாக வருகிறதாம். நிஜமாக எவனாவது எழுதினது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றார்.

இதற்கு மேல் நான் என்ன செய்வது? தாள் என் பையில் இருந்தது.

"தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். என் பேத்தி வேலை செய்யற எடத்துல அவளுக்கு மேல இருக்கிறவர் எழுதினதாம். பிள்ளை ரெண்டு நாளா சரியா சாப்பிடல. எனக்கு இங்கிலீஷ் தெரியாதா, என்னன்னு கேக்கவும் முடியல."

வாங்கினார். அது அந்தப் பெண்ணின் கையெழுத்து. ஆனால் அந்த ஆபீஸில் யாருடைய கையெழுத்தையும் யாரும் பார்த்தது கிடையாது. தினமும் பேனா எடுத்து எழுதுவது நான் ஒருத்திதான், அதுவும் பால் முடிந்துவிட்டது என்று நோட்டில் குறிக்க.

சத்தமாகப் படித்தார். "'ஏன்?'... 'ஏன்?'... 'இல்லை.'... 'இது எதுக்கு?'..." குரல் மாறிக்கொண்டே வந்தது. "'மறுபடியுமா?'... 'படிச்சுப் பாத்தியா?'" தாளைக் கீழே வைத்தார். "யாரு பாட்டி இவன்?"

"நல்ல மனுஷன்னுதான் சொல்றாங்க."

"நல்லவன் இப்படி எழுதுவானா லா? எதப் பத்திக் கேக்கறான், எதுக்குக் கேக்கறான், மாத்தணுமா வேணாமா, ஒண்ணுமே இல்ல. இத வச்சு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இவன்கிட்ட மனுஷங்க வேலை செய்யறதே பெரிசு. உங்க பேத்திய வேற வேலை தேடச் சொல்லுங்க பாட்டி. நான் சீரியஸா சொல்றேன்."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கா தம்பி."

"இத நான் போட்டோ எடுத்துக்கலாமா? எனக்கு இதான் வேணும். யாரு பேரும் போட மாட்டேன்."

"போடாட்டி நல்லதுதான்," என்றேன்.

நீ கேட்பாய், தான் எழுதினது அவருக்கே தெரியாதா என்று. ஒரு நாளைக்கு ஐம்பது கமெண்ட் போடுகிற மனிதர். கீழே பல் டாக்டர், போன மாதம் பிடுங்கின பல்லை அடையாளம் சொல்வாரா? அதுவும் இதில் அந்தப் பெண் எழுதின கம்ப்யூட்டர் வரிகளே இல்லை, வெறும் கேள்விகள். தான் கேட்கும்போது ஒரு மாதிரி இருக்கிற கேள்வி, அடுத்தவன் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கும். பேச்சைக் குழைக்க அவர் கடைசியில் ஒட்டுகிற அந்த 'லா' வாயில் இருக்கிறது, விரலில் வருவதில்லை, அவ்வளவுதான். பேசும்போது "ஏன் லா இப்படிப் பண்ணே" என்பார். எழுதும்போது "ஏன்?" மட்டும் மிஞ்சும்.

புதன்கிழமை கையேடு தயார். அந்த ஆபீஸில் கையேடும் மற்ற வேலை மாதிரிதான், இரண்டு பேர் ரிவ்யூ செய்து ஓகே சொன்னால்தான் உள்ளே போகும். ஒருவர் முதலாளி. இன்னொருவராக அவர் அந்தப் பெண்ணைப் போட்டார். புதிதாக வருகிறவர்களுக்கான கையேட்டைக் கடைசியாக வந்தவள் பார்ப்பதுதான் சரி என்று நினைத்திருக்கிறார். நல்ல யோசனைதான்.

பத்தரை மணிக்கு அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்தபடியே பேண்ட்ரிக்குள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பாட்டி. என் தாள் எங்க?"

"எந்தத் தாள்?"

"பாட்டி!"

"கொஞ்சம் படிச்சுக் காட்டச் சொன்னேன் கண்ணு. அவருக்குப் பிடிச்சுப் போச்சு."

திரையைத் திருப்பிக் காட்டினாள், எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டு. மூன்றாம் பகுதி, 'இப்படி எழுதாதீர்கள்'. அதில் ஆறு வரி. கீழே, இதை எழுதியவரிடம் வேலை செய்வது யாருக்கும் கடினம் என்று ஒரு வாக்கியம். வேறு கம்பெனியில் நடந்தது என்றும் போட்டிருந்தாராம்.

"இதுக்கு நான் ஓகே போடணும் பாட்டி. என் பேர்ல. வெள்ளிக்கிழமை அவர்தான் என்னைப் பத்தி எழுதப் போறாரு. 'இது நீங்க எழுதினதுதான்'னு அவர்கிட்டயே நான் சொன்னா அவரு என்ன நெனைப்பாரு? சொல்லாம ஓகே போட்டா, பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்ட மாதிரி. திங்கக்கிழமை நாலு பேரு வந்து இதப் படிச்சுட்டு, 'பரவால்ல, இங்க அப்படி இல்ல'ன்னு நெனைப்பாங்க. அப்புறம் அவங்களுக்கும் இதே 'ஏன்' வரும்."

"லெட்டர்தான் டைப் பண்ணி வச்சிருக்கியே. கொடுத்துட்டுப் போயிட்டா ஓகேவும் போட வேணாம்."

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றாள். நான் விளையாட்டுக்குச் சொன்னேன், அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பொய் சொன்னதற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

அன்று முழுக்க அவள் ஓகேவும் போடவில்லை, லெட்டரும் கொடுக்கவில்லை. தட்டுவாள், அழிப்பாள். மறுபடி தட்டுவாள். நான் அந்தப் பக்கம் நான்கு தடவை துடைத்தேன். அந்த மேசை அவ்வளவு சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டாள். மூன்று கமெண்ட். பிறகு எனக்குப் படித்துக் காட்டினாள், நான் கேட்காமலே.

முதலாவது பாராட்டு. இரண்டாம் பகுதி தெளிவாக இருக்கிறது, இது எனக்கு முதல் நாளே கிடைத்திருந்தால் உதவியாக இருந்திருக்கும். இரண்டாவது ஈர். ஐந்தாம் வரியில் ஓர் எழுத்துப் பிழை. மூன்றாவது பேன். 'பிளாக்கிங்' என்று முன்னால் போட்டு, "இந்த ஆறு வரியும் வேறு கம்பெனியிலிருந்து வந்தவை அல்ல. என் வேலைக்கு இங்கே வந்த கமெண்டுகள். நான் ஒரு தாளில் எழுதி வைத்தது கைமாறி வந்திருக்கிறது. இப்படியே விட்டால், இது இங்கே நடக்காது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உதாரணத்தை எடுத்துவிடலாம், அல்லது எங்கிருந்து வந்தது என்று போடலாம். எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்."

கையேட்டில் இருந்தபடியே எழுதியிருந்தாள். எழுதியதைப் பற்றி மட்டும். ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை. காரணம் இருந்தது, மாற்று வழியும் இருந்தது. அவர் பெயரைக்கூடப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அவளுடைய வேலைக்கு ரிவ்யூ செய்வது யார் என்று பதினோரு பேருக்கும் தெரியும். அந்தக் கமெண்டும் பதினோரு பேர் திரையிலும் தெரியும்.

ஆபீஸ் அமைதியாகிவிட்டது. கீபோர்டு சத்தம்கூட இல்லை. தண்ணீர் குடிக்க என்று ஒவ்வொருவராகப் பேண்ட்ரிக்கு வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் குடித்த தண்ணீருக்கு டாய்லெட்டை நான் இரண்டு தடவை கழுவ வேண்டியிருந்தது.

லீட் மேசையை விட்டு எழவில்லை. பழைய ரிவ்யூவைத் தேடி எடுத்து மேலிருந்து கீழ் வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து பேண்ட்ரிக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"பாட்டி. உங்களுக்குப் பேத்தி இருக்காளா?"

"இருக்கா தம்பி."

"என்ன வேலை பாக்கறா?"

"பிரைமரி டூ படிக்கறா."

ஒரு கோப்பையை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். குடிக்கவில்லை.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே பாட்டி, இது நீங்க எழுதினதுன்னு."

"சொல்லலாம்தான். எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே."

அவர் என்னைப் பார்த்தார். நான் சிங்க்கைத் துடைத்தேன். "மனுஷனான்னு கேட்டுட்டேனே பாட்டி," என்றார் மெதுவாக.

"அப்படிக் கேக்கலை தம்பி. 'யாரு இவன்'னுதான் கேட்டீங்க. வேலை செய்யறதே பெரிசுன்னீங்க. வேற வேலை தேடச் சொல்லுங்கன்னீங்க."

"போதும் பாட்டி."

கதவைத் திறந்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "கொஞ்சம் வாம்மா. ரெண்டு சுற்றுக்கு மேல போனா நேர்ல பேசணும்னு நானே எழுதியிருக்கேன். இது ஏழாவது சுற்று."

அவள் லேப்டாப்போடு வந்தாள். கூடவே லெட்டர் இருந்த போனும் கையில் இருந்தது. என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை, நானும் போகவில்லை. கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவினேன்.

முதல் கமெண்டைத் திறந்தார்கள்.

"இங்க நான் 'ஏன்'னு கேட்டிருக்கேன். நீ கீழ 'டன்'னு போட்டிருக்க."

"ஆமா."

"ஏன்னு கேட்டா ஆச்சுன்னு சொன்னா என்னம்மா அர்த்தம்?"

"எடுத்துட்டேன்னு அர்த்தம்."

"எதுக்கு எடுத்தே?"

"நீங்க ஏன்னு கேட்டீங்க."

"நான் தெரிஞ்சுக்கத்தான் லா கேட்டேன்! இதுக்கு முன்னாடி யாரும் இத அப்படி யோசிக்கல. நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?" அவள் குரல் உயர்ந்தது. "அத எடுக்கறதுக்கு எனக்கு ஒரு நாள் ஆச்சு!"

"நீ எடுத்ததப் பாத்துட்டுத்தான் அடுத்ததுல 'இது எதுக்கு'ன்னு கேட்டேன். அதையும் எடுத்துட்டே. அப்புறம் மறுபடி பழையபடி வந்துச்சு, அதான் 'மறுபடியுமா'ன்னு..."

"நல்லா இருக்கு, ஏன் இப்படிப் பண்ணேன்னு போட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேனே அண்ணே."

"நீயும் ஒரு தடவையாவது 'நீங்க கேக்கறது புரியல'ன்னு போட்டிருக்கலாம். 'டன்', 'டன்', 'டன்'. நான் என்னன்னு நெனைக்கிறது? இவ எதையுமே படிக்காம தட்டி விடறான்னு நெனைச்சேன். அதான் 'படிச்சுப் பாத்தியா'ன்னு கேட்டேன்."

இப்படியே முப்பத்தொன்றும். கேள்வி கேட்டால் இவள் அழித்துவிடுகிறாள். அழித்ததைப் பார்த்து அவர் மறுபடி கேட்கிறார். பதினொரு இடத்தில் நன்றாக இருந்ததை இவளே எடுத்துப் போட்டிருக்கிறாள். மீதி பெரும்பாலும் ஈர். விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஒன்றே ஒன்று பேன். 'இல்லை' என்று மட்டும் அவர் எழுதியிருந்த வரி.

"இது நிஜமாவே தப்பு," என்றார். "மிஷின் கடைசியாக் கொடுத்த நம்பரப் பாக்குது, ஒண்ணு கூட்டுது, எழுதி வைக்குது. பாக்கறதுக்கும் எழுதறதுக்கும் நடுவுல இன்னொரு மிஷின்ல ஒருத்தர் அமுக்கிட்டா?"

அவள் யோசித்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்."

"அதான். ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் தொட முடியாத மாதிரி பண்ணணும்."

"இதுக்கு நான் அந்த வரியில வச்சிருந்த பேரை மட்டும் மாத்திட்டு டன் போட்டுட்டேன். பேர் பிடிக்கலையோன்னு நெனைச்சேன்."

"நான் ஒரு வார்த்தைதான் எழுதினேன். நீ எத வேணாலும் நெனைச்சிருக்கலாம்," என்றார். பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "முப்பதுக்கு நடுவுல இதுவும் அதே மாதிரி இருந்துச்சு. எது முக்கியம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பாலிகிளினிக்கில் எனக்கும் இன்னொரு கிழவிக்கும் ஒரே நம்பர் வந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நான் ஜெயித்திருப்பேன். ஆனாலும் அது தப்புதான்.

அன்று மாலைக்குள் அவர் அவளுடைய மூன்று கமெண்டுக்கும் பதில் போட்டார். எழுத்துப் பிழையைத் திருத்தினார். உதாரணத்தை எடுக்கவில்லை. யாருக்கும் கடினம் என்ற வாக்கியத்தையும் எடுக்கவில்லை. 'வேறு கம்பெனி' என்பதை அடித்துவிட்டு, 'இந்த ஆறையும் எழுதியது இந்தக் கையேட்டை எழுதியவர்' என்று போட்டார். அவள் சும்மா இருக்கவில்லை. கமெண்டை வாங்கிக்கொள்வது பற்றிய பகுதியில் தன்னையும் சேர்க்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், அழித்துவிட்டு ஆச்சு என்று போடாதீர்கள், நான் பதினொரு தடவை போட்டேன். பிறகு ஓகே போட்டாள். முதலாளியும் ஓகே போட்டார்.

ஆனால் வெள்ளிக்கிழமை இன்னும் பாக்கி இருந்தது. அவளைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டியதை லீட் இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிட்டாராம். இந்தச் சண்டைக்கெல்லாம் முன்னால். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. போனில் அந்த லெட்டரைத் திறப்பாள், மூடுவாள்.

பதினொரு மணிக்கு முதலாளி லீடை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடி அறை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், வெளிப்பக்கம். முதலாளி ஒரு தாளைத் தள்ளி வைத்தார். அவர் தலை குனிந்தது. பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் ராத்தூக்கம் இல்லாமல் வேலை செய்த பெண்ணைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு சொல்.

"கேன்."

அவ்வளவுதான். இருக்கலாம் என்று அர்த்தம். நம் ஊரில் அதற்கு மேல் எவனும் எழுத மாட்டான். முதலாளி புதுக் கையேட்டைப் படித்திருந்தார். அந்தச் சொல்லுக்குக் கீழே பேனாவால் ஒரு கமெண்ட் போட்டிருந்தார். 'பிளாக்கிங். ஏன் என்று காரணம் எழுதவும்.'

தொழுகைக்குப் போய்வந்து, பிரியாணிப் பொட்டலத்தை என் முன் வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்து முழுப் பக்கம் எழுதினார். எழுதி முடித்து அந்தப் பெண்ணிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். இரண்டாம் பத்தியில் ஒரு தகவல் தப்பு என்றாள். திருத்தினார். மூன்று மணிக்கு நான் கிளம்பும்போது அவள் போனை எடுத்து, அந்த லெட்டரை எனக்குக் காட்டி, அழித்தாள்.

"டன் பாட்டி," என்றாள்.

சனிக்கிழமை காலை எங்கள் புளோக்குக்குக் கீழே பக்கத்து வீட்டு அக்காவும், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற நாலாவது மாடி மலாய்க்கார அம்மாவும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என் மகள் வாயை அடக்க மாட்டாள். ஆபீஸில் ஏதோ புத்தகம் போட்டிருக்கிறார்களாமே, அதில் நீயும் இருக்கிறாயாமே, அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டதா என்று கேட்டார்கள்.

"வேலை போகல, நிலைச்சிடுச்சு," என்றேன். "புத்தகத்த நான் எழுதல. நான் ஒரு பொய் சொன்னேன், அத ஒருத்தர் நம்பி எழுதினார். அது பொய்னு அந்தப் பொண்ணு கீழ எழுதினா. கடைசியில என் பொய்ய அடிச்சுட்டு, ரெண்டு பேரும் அவங்கவங்க தப்ப அதுல சேத்துப் போட்டுட்டாங்க. இனிமே புதுசா வேலைக்கு வர்றவங்க எல்லாம் முதல் நாள் அதத்தான் படிக்கணுமாம்."